கார்ட் மொத்தமும் கூப்பன் விதிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தப் பக்கம் முழுவதும் ஓர் இணையக் கடையின் ஒரே ஒரு கார்ட்டை வைத்துத்தான் பேசப்போகிறேன். அதில் மூன்று உருப்படிகள்: ஒரு பை 6490, ஒரு விளக்கு 2850, குறிப்பேடு ஒன்று 455 வீதம் மூன்று, ஆக 1365. மொத்தம் 10705. எண்கள் எல்லாமே நாணயத்தின் மிகச்சிறிய அலகில் உள்ள முழு எண்கள். எந்த நாணயம் என்பது இங்கே முக்கியமில்லை. கூப்பன்கள் இரண்டு. `TEN` 10 சதவீதம் குறைக்கும், `FLAT` நேராக 500 குறைக்கும். இரண்டுக்கும் குறைந்தபட்சக் கொள்முதல் 10000. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்பது கடையின் விதி.

FLAT முதலில் போட்டால் இரண்டு கூப்பனும் ஏற்கிறது. TEN முதலில் போட்டால் FLAT-ஐ நிராகரிக்கிறது. அதே கார்ட்தானே, ஏன் இப்படி?

உங்கள் புரோகிராம் கோடு ஒவ்வொரு கூப்பனையும் அந்த நேரத்தில் மிச்சமிருக்கும் தொகையோடு ஒப்பிடுகிறது. `FLAT` முதலில் வந்தால் 10705 என்பது 10000-ஐத் தாண்டுகிறது, 500 கழிகிறது, 10205 நிற்கிறது. அதுவும் 10000-க்கு மேல்தான், அதனால் `TEN` உள்ளே வருகிறது. `TEN` முதலில் வந்தால் 1071 கழிந்து 9634 ஆகிவிடுகிறது. இப்போது `FLAT` கேட்கும் 10000 இல்லை, வெளியே தள்ளப்படுகிறது.

வாடிக்கையாளர் எதை முதலில் தட்டச்சு செய்தார் என்பது விலையைத் தீர்மானிக்கக் கூடாது. அதோடு சிக்கல் முடிவதில்லை. பக்கத்தைப் புதுப்பிக்கும்போது கூப்பன்கள் டேட்டாபேஸிலிருந்து வேறு வரிசையில் வரலாம், அப்போது யாரும் எதையும் தொடாமலே மொத்தம் மாறும். `ORDER BY` இல்லாத ஒரு `SELECT` இருந்தாலே போதும்.

தீர்வு, கணக்கை இரண்டு கட்டமாகப் பிரிப்பது. முதல் கட்டத்தில் எந்தத் தள்ளுபடியும் கழிக்காத அடிப்படைத் தொகையை ஒருமுறை கணக்கிட்டு அப்படியே உறைய வைத்துவிடுங்கள். எல்லாக் கூப்பன்களின் தகுதியையும் அந்த ஒரே எண்ணோடு ஒப்பிட்டு முடிவுசெய்யுங்கள். தகுதி பெற்றவை எவை என்று தெரிந்த பிறகுதான் இரண்டாவது கட்டம், அதாவது கழிப்பது. அந்தக் கட்டத்தில் தகுதிக் கேள்வி மறுபடி எழவே கூடாது.

```python
def check(c, base, now):
    if now < c.starts_at: return "NOT_STARTED"
    if now >= c.ends_at: return "EXPIRED"
    if base < c.min_spend: return "MIN_NOT_MET"
    return "OK"
```

இந்த ஃபங்க்‌ஷனுக்கு மற்றக் கூப்பன்களைப் பற்றி ஒன்றுமே தெரியாது என்பதைக் கவனியுங்கள். தெரியாமல் இருப்பதுதான் அதன் பலம். `now` கூட வெளியிலிருந்துதான் வருகிறது. அது ஏன் என்று கீழே வரும்.

எங்கள் நிர்வாகம் "தள்ளுபடி கழித்த பிறகும் 10000 இருக்க வேண்டும்" என்கிறது. அப்படியே செய்துவிடலாமா?

ஒரே ஒரு கூப்பன் மட்டும் இருக்கும் கடையில் செய்யலாம். இரண்டு கூப்பன் வந்ததும் அந்த வாக்கியத்துக்குப் பொருளே நிச்சயமில்லாமல் போகிறது. எதைக் கழித்த பிறகு? `FLAT`-இன் தகுதி `TEN` இருக்கிறதா என்பதைப் பொறுத்தது, `TEN`-இன் தகுதி `FLAT` இருக்கிறதா என்பதைப் பொறுத்தது. ஒன்றை ஒன்று துரத்தும். சில கோடுகளில் "மாற்றம் நிற்கும்வரை திரும்பத் திரும்பக் கணக்கிடு" என்று ஒரு லூப் போட்டிருப்பார்கள். அது சில கார்ட்டுகளில் நிற்காது: கூப்பன் உள்ளே வரும், தொகை குறையும், கூப்பன் வெளியே போகும், தொகை ஏறும், மறுபடி உள்ளே வரும்.

நிர்வாகத்தின் கவலை நியாயமானது. அதைத் தீர்க்க வேண்டிய இடம்தான் வேறு. சேர்க்கைக்கென்று தனியாக ஒரு குறைந்தபட்சத் தொகை வைத்துவிடுங்கள். `TEN` கழித்த பிறகும் 10000 நிற்க வேண்டுமென்றால் அடிப்படைத் தொகை 11111 இருக்க வேண்டும்: அதில் 1111 கழிந்து சரியாக 10000 வரும். 11110 என்றாலும் 1111-தான் கழியும், ஆனால் மிஞ்சுவது 9999. ஆகவே "`TEN`, `FLAT` இரண்டும் சேர வேண்டுமென்றால் அடிப்படைத் தொகை குறைந்தது 11111" என்று ஒரு விதி எழுதலாம். நிர்வாகம் கேட்டது நடக்கிறது, ஒப்பீடு அதே உறைந்த எண்ணோடுதான் நடக்கிறது, சுழற்சியும் இல்லை.

அடிப்படைத் தொகையில் எதெல்லாம் சேரும்?

அந்தக் கூப்பனுக்கு உட்பட்ட உருப்படிகளின் விலை மட்டும். டெலிவரிக் கட்டணம் சேராது. கிஃப்ட் கார்டை இங்கே கழிக்கவும் கூடாது. அது தள்ளுபடி கிடையாது, பணம் செலுத்தும் ஒரு வழி. கிஃப்ட் கார்டில் 3000 வைத்திருப்பவருடைய கார்ட் 7705 ஆகிவிட்டது என்று கருதி கூப்பனை மறுத்தால், அவர் கோபப்படுவதில் முழு நியாயம் இருக்கிறது.

ஏற்கெனவே விலை குறைக்கப்பட்ட பொருள் இருந்தால், குறைத்த விலையையே விலையாக எடுத்துக்கொள்ளுங்கள். அப்படிப்பட்ட பொருளைக் கூப்பனிலிருந்து விலக்குகிறீர்கள் என்றால் இரண்டு இடத்திலும் விலக்குங்கள்: தகுதி பார்க்கும்போதும், கழிக்கும்போதும். குறிப்பேடு விலக்கப்பட்டது என்று வைத்துக்கொண்டால் நம் கார்ட்டின் அடிப்படைத் தொகை 9340 ஆகிவிடும், `TEN` கிடைக்காது. ஓரிடத்தில் மட்டும் விலக்கினால், "10000 தாண்டியிருக்கிறது" என்று திரை சொல்லும், ஆனால் தள்ளுபடி 934 மட்டும் வரும். பார்ப்பவருக்கு எந்தக் கணக்கும் பிடிபடாது.

வரி எப்போது கணக்கிடுவது என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். கூப்பன் கணக்கு செய்ய வேண்டியது ஒன்றே: ஒவ்வொரு உருப்படிக்கும் தள்ளுபடி போக எவ்வளவு என்ற எண்ணை வரிக் கணக்கிடம் ஒப்படைப்பது.

சரியாக 10000 இருந்தால் கூப்பன் கிடைக்குமா?

கிடைக்கட்டும். `>=` என்று எழுதுங்கள், திரையிலும் "குறைந்தது 10000" என்றே காட்டுங்கள். விளம்பரத்தில் "10000-க்கு மேல்" என்று போட்டிருந்தாலும் வாசகர்கள் 10000-ஐயும் சேர்த்துத்தான் புரிந்துகொள்வார்கள்.

சதவீதத்தை முதலில் கழிப்பதா, நேர்த்தொகையை முதலில் கழிப்பதா?

வித்தியாசம் இருக்கிறது. `TEN` முதலில் என்றால் 10705-இல் 1071 போய் 9634, அதில் 500 போய் 9134. `FLAT` முதலில் என்றால் 10205, அதில் 10 சதவீதம் 1020.5 என்பதை 1021 ஆக்கிக் கழித்தால் 9184. 50 வித்தியாசம், அதாவது 500-இன் 10 சதவீதம்.

என் பரிந்துரை: சதவீதம் முதலில். காரணம், `FLAT` என்ற கூப்பன் 500 தருகிறேன் என்று சொல்கிறது; இந்த வரிசையில் அது முழுசாக 500 தருகிறது. மாற்றிப் போட்டால், `FLAT` வந்ததால் `TEN` தரும் தொகை 1071-லிருந்து 1021 ஆகச் சுருங்குகிறது. "500 தள்ளுபடி சேர்த்தேன், மொத்தம் 450-தான் குறைந்தது" என்ற புகார் இங்கிருந்துதான் வருகிறது. வேறு வரிசையைத் தேர்ந்தெடுத்தாலும் தவறில்லை, ஆனால் அந்த வரிசை கூப்பன் பதிவிலேயே `priority` என்ற எண்ணாக இருக்க வேண்டும். `priority` சமமாக இருந்தால் கூப்பன் குறியீட்டின் அகர வரிசை. சமநிலைக்கு ஒரு விதி இல்லையென்றால் முதல் கேள்வியில் பார்த்த வியாதி திரும்பி வந்துவிடும்.

இரண்டு சதவீதக் கூப்பன்கள் சேரும் கடை என்றால் இன்னொரு முடிவும் வேண்டும். 10-உம் 20-உம் அடுத்தடுத்துக் கழிந்தால் 28 சதவீதம், இரண்டுமே அடிப்படைத் தொகையில் கழிந்தால் 30. அடுத்தடுத்துக் கழிப்பது கடைக்குப் பாதுகாப்பு: எத்தனை சதவீதக் கூப்பன் சேர்ந்தாலும் தொகை பூஜ்யத்துக்குக் கீழே போகாது. நேர்த்தொகைக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, ஆகவே அங்கே `min(amount, remaining)` கட்டாயம்.

கார்ட் பக்கத்தில் தள்ளுபடி 1071, பில்லில் 1072. இந்த ஒன்று எங்கிருந்து வருகிறது?

இரண்டு இடத்தில் இரண்டு விதமாக முழுமையாக்குகிறீர்கள். கார்ட் பக்கம் மொத்தத்தில் 10 சதவீதம் எடுக்கிறது: 1070.5, அதை 1071 ஆக்குகிறது. பில் ஒவ்வொரு பொருளுக்கும் தனியாக எடுக்கிறது. குறிப்பேடு ஒன்றுக்கு 45.5, அதை 46 ஆக்கி மூன்றால் பெருக்கினால் 138. பைக்கு 649, விளக்குக்கு 285. கூட்டினால் 1072.

முழுமையாக்குவது ஒரே ஒரு இடத்தில், ஒரே ஒரு முறை நடக்கட்டும். கூப்பன் முழுவதுக்குமான தள்ளுபடித் தொகையை முதலில் முழு எண்ணாக்குங்கள்; அதை உருப்படிகளுக்குப் பிரித்துக் கொடுப்பது அடுத்த வேலை. சதவீதத்தையும் முழு எண்ணாகவே வையுங்கள். 10 சதவீதம் என்பது 1000 (பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஒரு அலகு). 12.5 சதவீதம் என்பது 1250.

```python
discount = (base * rate + 5000) // 10000
```

அந்த 5000, சரிபாதி வந்தால் மேலே தள்ளுவதற்கு. பைத்தானின் `round` சரிபாதியை இரட்டைப்படை எண் பக்கம் தள்ளும், `round(2.5)` என்றால் 2. ஜாவாஸ்கிரிப்டின் `Math.round(2.5)` என்றால் 3. பிரவுசரில் ஒரு கணக்கு, சர்வரில் இன்னொரு கணக்கு என்று வைத்திருக்கும் கடைகளில் அந்த ஒன்று இப்படியும் நுழையும். நான் சொல்வது, பிரவுசரில் கணக்கே வேண்டாம். சர்வர் சொல்வதைக் காட்டினால் போதும்.

தசம எண்ணாகச் சேமிப்பதைப் பற்றி ஒரே வார்த்தை: கூடாது. ஜாவாஸ்கிரிப்டில் `1.005 * 100` போட்டுப் பாருங்கள், 100.49999999999999 வரும். மிகச்சிறிய அலகு எல்லா நாணயத்திலும் நூறில் ஒன்று என்றும் நினைக்க வேண்டாம். ஐ.எஸ்.ஓ 4217 பட்டியல்படி ஜப்பானிய யென்னுக்குத் தசம இடமே இல்லை, குவைத் தினாருக்கு மூன்று.

தள்ளுபடியை உருப்படிகளுக்குப் பிரித்தே ஆக வேண்டுமா? மொத்தத்தில் கழித்துவிட்டால் போதாதா?

முதல் ரிட்டர்ன் வரும் நாள்வரை போதும். அன்றைக்கு விளக்கு ஒன்று மட்டும் திரும்பி வரும், அதற்கு அவர் உண்மையில் எவ்வளவு கொடுத்தார் என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது.

விகிதப்படி பிரித்தால் பின்னம் வரும். பின்னத்தை வெட்டினால் ஒன்றிரண்டு குறையும். குறைந்ததை, வெட்டியதில் அதிக மிச்சம் விட்ட உருப்படிக்குக் கொடுப்பதுதான் வழக்கமான முறை.

```python
def allocate(total, weights):
    s = sum(weights)
    if s == 0:
        return [0] * len(weights)
    parts = [total * w // s for w in weights]
    order = sorted(range(len(weights)),
                   key=lambda i: (-(total * weights[i] % s), i))
    for i in order[:total - sum(parts)]:
        parts[i] += 1
    return parts
```

நம் கார்ட்டில் ஓட்டிப் பார்ப்போம். `TEN` தரும் 1071, பைக்கு 649, விளக்குக்கு 285, குறிப்பேடுக்கு 136 என்று பிரிகிறது. கூட்டினால் 1070, ஒன்று குறைகிறது. அதிக மிச்சம் குறிப்பேட்டிடம் இருக்கிறது, அதற்கு 137. இப்போது உருப்படிகள் 5841, 2565, 1228. அடுத்து `FLAT`-இன் 500-ஐ இந்தப் புதிய எண்களின் விகிதத்தில் பிரித்தால் 303, 133, 63. மறுபடி ஒன்று குறைகிறது, அதுவும் குறிப்பேடுக்கே போய் 64 ஆகிறது. கடைசியில் பை 5538, விளக்கு 2432, குறிப்பேடு மூன்றும் சேர்ந்து 1164. கூட்டிப் பாருங்கள், 9134. மேலே மொத்தமாகப் போட்டபோது வந்த அதே எண்.

இந்த `649, 285, 137` போன்ற எண்களை ஒவ்வொரு கூப்பனுக்கும் தனித்தனியாக ஆர்டரோடு சேமித்து வையுங்கள். பிறகு எப்போதும் மறுபடி கணக்கிட வேண்டாம். ஆறு மாதம் கழித்து யாரோ கூப்பன் விதியை மாற்றியிருப்பார்கள். பழைய ஆர்டர் பழைய எண்ணிலேயே நிற்க வேண்டும்.

"வேறு எதோடும் சேராது" என்ற கூப்பனையும் வாடிக்கையாளர் சேர்த்துப் போட்டுவிட்டார். எதை எடுப்பது?

அவருக்கு எது அதிகம் குறைக்குமோ அதை. `SOLO` என்று 15 சதவீதக் கூப்பன் ஒன்று இருக்கிறது, அது தனித்துத்தான் நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் கார்ட்டில் அது 1606 குறைக்கும். `TEN`-உம் `FLAT`-உம் சேர்ந்து 1571. ஆகவே `SOLO`.

இதற்குச் சிக்கலான வழிமுறை எதுவும் தேவையில்லை. ஒரு ஆர்டரில் அதிகபட்சம் 5 கூப்பன் என்று வரம்பு வைத்தால், சாத்தியமான சேர்க்கைகள் 32-தான். தகுதி பெற்ற கூப்பன்களில் விதிக்கு உட்பட்ட ஒவ்வொரு சேர்க்கையையும் கணக்கிட்டு, மிகக் குறைந்த மொத்தம் வருவதை எடுத்துக்கொள்ளுங்கள். `if` மேல் `if` அடுக்குவதைவிட இது படிக்கவும் எளிது, தவறு நேரவும் வாய்ப்புக் குறைவு.

ஆனால் சமநிலையை மறக்க வேண்டாம். அடிப்படைத் தொகை சரியாக 10000 என்றால் `SOLO` 1500, `TEN`-உம் `FLAT`-உம் சேர்ந்தாலும் 1500. அதாவது இரண்டு கூப்பனின் குறைந்தபட்சத் தொகை எங்கே இருக்கிறதோ அதே புள்ளியில் சமநிலை வருகிறது. டெஸ்ட் எழுதுபவர் முதலில் தொடுவதும் அந்த எண்ணைத்தான். சமமாக வந்தால் குறைவான கூப்பன்களைச் செலவழிக்கும் சேர்க்கை என்று விதி வையுங்கள். மிச்சக் கூப்பன் வாடிக்கையாளரிடமே இருக்கும். அதுவும் சமமானால் குறியீட்டு வரிசை.

விட்டுவிட்ட கூப்பனைப் பற்றித் திரையில் சொல்லியாக வேண்டும். "`SOLO` தனியாக 1606 குறைக்கிறது, அது மற்ற இரண்டையும் சேர்த்ததைவிட அதிகம், அதனால் அவை சேர்க்கப்படவில்லை" என்ற ஒரு வரி இருந்தால், கஸ்டமர் கேருக்கு வரும் பாதி அழைப்புகள் தேவையே இல்லாமல் போகும்.

கூப்பன் போட்ட பிறகு ஒரு பொருளை எடுத்துவிட்டார், தொகை 10000-க்குக் கீழே போய்விட்டது. கூப்பனை நீக்கிவிடலாமா?

குறியீட்டை நீக்க வேண்டாம், அதன் பயனை மட்டும் நிறுத்துங்கள். கார்ட்டில் சேமிப்பது "இவர் இந்தக் குறியீடுகளைக் கொடுத்தார்" என்ற பட்டியல் மட்டுமே. தகுதி ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடப்படும். விளக்கை எடுத்தால் தொகை 7855, திரையில் "இன்னும் 2145-க்கு வாங்கினால் `TEN` கிடைக்கும்" என்று வரும். விளக்கைத் திரும்பச் சேர்த்தால் கூப்பன் தானே வந்துவிடும். `MIN_NOT_MET` என்ற காரணத்தோடு குறைவுத் தொகையையும் திருப்பி அனுப்பினால் இந்த வாசகம் எளிதாக அமையும்.

31-ஆம் தேதிவரை செல்லும் என்று போட்டிருக்கிறோம். 31-ஆம் தேதி காலையிலேயே "காலாவதி" என்கிறது.

`ends_at` பத்தியில் வெறும் தேதியைப் போட்டிருப்பீர்கள், டேட்டாபேஸ் அதை 31-ஆம் தேதி 00:00 என்று எடுத்துக்கொண்டது. கடைசி நாள் முழுதும் போய்விட்டது. இதைச் சரிசெய்ய 23:59:59 என்று போடுவார்கள். அது ஏறக்குறைய வேலை செய்யும், ஆனால் அந்தக் கடைசி வினாடிக்குள் வரும் ஆர்டர்களுக்கு என்ன பதில் என்பது, நேரத்தை எத்தனை தசம இடம்வரை சேமிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துவிடும்.

நல்ல வழி: தொடக்கம் உள்ளே, முடிவு வெளியே. 31-ஆம் தேதி முழுதும் செல்ல வேண்டும் என்றால் `ends_at` அடுத்த நாள் 00:00. ஒப்பீடு `now >= ends_at` என்றால் காலாவதி. இந்த அமைப்பில் ஒரு கூப்பன் முடியும் நொடியில் அடுத்த கூப்பன் தொடங்கலாம், நடுவில் இடைவெளியும் இல்லை, இரண்டும் ஒன்றாகச் செல்லும் நொடியும் இல்லை. எஸ்.க்யூ.எல்-இன் `BETWEEN` இரண்டு முனையையும் உள்ளே சேர்த்துக்கொள்ளும் என்பதால் இங்கே அதைத் தொடாதீர்கள்.

00:00 என்பது யாருடைய 00:00 என்பதும் எழுதப்பட வேண்டும். கடையின் நேர மண்டலத்தில் கணக்கிட்டு, யு.டி.சி.-க்கு மாற்றிச் சேமியுங்கள். வாடிக்கையாளரின் போன் காட்டும் நேரத்தை எதற்கும் நம்ப வேண்டாம், அதை அவரே மாற்றிக்கொள்ளலாம். கூப்பன் உருவாக்கும் நிர்வாகப் பக்கத்தில் ஊழியர் தேர்ந்தெடுப்பது "கடைசி நாள்" என்ற தேதியாகவே இருக்கட்டும். ஒரு நாள் கூட்டும் வேலையைக் கோடு பார்த்துக்கொள்ளும். மனிதரிடம் விட்டால் ஒரு நாள் மறப்பார்.

23:58-க்கு செக்அவுட் போனார், பேங்க் பக்கத்தில் ஓ.டி.பி. போட்டு 00:03-க்குத் திரும்பினார். கூப்பன் செல்லுமா?

செல்ல வேண்டும். திரையில் 9134 என்று காட்டி, அதற்குச் சம்மதம் வாங்கி, அதே தொகையைப் பேங்க் எடுத்துவிட்டது. இப்போது ஆர்டரை 10705 என்று பதிவுசெய்தால் பணமும் ஆர்டரும் பொருந்தாது.

செக்அவுட் தொடங்கும்போது கணக்கை ஒரு மதிப்பீடாகச் சேமித்துவிடுங்கள்: உருப்படிகள், கூப்பன்கள், பிரித்த எண்கள், மொத்தம், கணக்கிட்ட நேரம். அதற்கு ஒரு `quote_id`, ஒரு ஆயுள். 15 நிமிடம் பெரும்பாலும் போதும். பணம் அந்த ஆயுளுக்குள் தொடங்கியிருந்தால் அந்த மதிப்பீடே செல்லும், காலாவதி மறுபடி பார்க்கப்படாது. ஆயுள் முடிந்த பிறகு "பணம் செலுத்து" பொத்தானை அழுத்தினால் புதிதாகக் கணக்கிட்டு, தொகை மாறியிருந்தால் மாறியதைக் காட்டி மறுபடி சம்மதம் கேளுங்கள். சத்தமில்லாமல் அதிகத் தொகை எடுப்பது மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

`now`-ஐ வெளியிலிருந்து கொடுக்கச் சொன்னது இதற்காகத்தான். ஒரே கணக்குக்குள் நான்கு இடத்தில் கடிகாரத்தைக் கேட்டால், நள்ளிரவில் ஒரு கூப்பன் செல்லும், அதே நேரம் முடியும் இன்னொன்று செல்லாது. ஒருமுறை கேட்டு எல்லோருக்கும் அதையே கொடுங்கள்.

100 பேருக்கு மட்டும் என்று போட்ட கூப்பனை 103 பேர் பயன்படுத்திவிட்டார்கள்.

எண்ணிக்கையைப் படித்து, ஒப்பிட்டு, பிறகு கூட்டி எழுதுகிறீர்கள். 99 இருக்கும்போது நான்கு பேர் ஒரே நொடியில் வந்தால் நால்வரும் 99-ஐத்தான் படிப்பார்கள். ஒப்பீட்டையும் கூட்டலையும் ஒரே கட்டளையில் போடுங்கள்:

```sql
UPDATE coupons
SET used_count = used_count + 1
WHERE id = :id AND used_count < max_uses;
```

மாறிய வரிசைகள் 0 என்று வந்தால் இடம் இல்லை. இதை மதிப்பீடு உருவாக்கும்போது இட ஒதுக்கீடாகச் செய்யுங்கள். பணம் வராமல் ஆயுள் முடிந்தால் இடத்தைத் திருப்பிக் கொடுங்கள். கார்ட்டில் குறியீட்டைப் போட்டதுமே ஒதுக்கினால், வாங்கப் போகாதவர்கள் 100 இடத்தையும் பிடித்துவைத்துவிடுவார்கள். ஒதுக்கீட்டு டேபிளில் `coupon_id`, `quote_id` இரண்டுக்கும் சேர்த்து ஒரு `UNIQUE` வையுங்கள். ஒதுக்கீட்டைப் பதிவதும் எண்ணிக்கையைக் கூட்டுவதும் ஒரே டிரான்சாக்‌ஷனில் நடந்தால், ஒரே கோரிக்கை இரண்டுமுறை வந்தாலும் ஒரு இடம்தான் கழியும்.

ஆர்டரில் ஒரு பகுதியை ரிட்டர்ன் செய்தால் எவ்வளவு திருப்பிக் கொடுப்பது? மிச்சம் 10000-க்குக் கீழே போனால் கூப்பனைப் பறிக்க வேண்டாமா?

சேமித்து வைத்த எண்ணைக் கொடுங்கள். விளக்கு திரும்பினால் 2432. குறிப்பேடு ஒன்று திரும்பினால் 1164-இல் மூன்றில் ஒன்று, 388. விலைப்பட்டியலில் இருக்கும் 455-ஐக் கொடுத்தால் 67 அதிகம் போகும். மூன்றால் சரியாக வகுபடாத தொகையாக இருந்தால், இதுவரை திரும்பிய எண்ணிக்கைக்குச் சேர வேண்டியதைக் கணக்கிட்டு, ஏற்கெனவே கொடுத்ததைக் கழித்துக் கொடுங்கள். கடைசிக் குறிப்பேடு திரும்பும்போது கூட்டுத்தொகை பைசா பிசகாமல் அடையும்.

கூப்பனைப் பறிப்பதா என்பது வணிக முடிவு. முடிவெடுக்குமுன் இந்தக் கணக்கை நிர்வாகத்திடம் காட்டுங்கள். வாடிக்கையாளர் குறிப்பேடு மூன்றையும் திருப்பித் தருகிறார். மிச்சம் பையும் விளக்கும், 9340. அது 10000-க்குக் கீழே, ஆகவே இரண்டு கூப்பனும் போய்விட்டது, அவர் கொடுக்க வேண்டியது முழு 9340. அவர் கொடுத்திருப்பதோ 9134. பொருளைத் திருப்பித் தந்தவர் கடைக்கு 206 பாக்கி வைத்திருக்கிறார்! இப்படி ஒரு மின்னஞ்சலை அனுப்ப எந்தக் கடையும் விரும்பாது.

வேண்டுமென்றே 10000 தாண்டவைத்துப் பிறகு திருப்பித் தருபவர்கள் இருக்கிறார்கள், உண்மைதான். அவர்களுக்காக விதியை எல்லோர் மேலும் சுமத்துவதைவிட, ஒருவருக்கு ஒருமுறை என்ற வரம்பும், ரிட்டர்ன் ஆன ஆர்டரின் கூப்பனைத் திரும்பத் தராமல் இருப்பதும் போதுமானவை. பறித்தே தீருவோம் என்றால், திருப்பித் தரும் தொகை 0-க்குக் கீழே போகாது என்ற வரம்பையும், அந்த விதியை செக்அவுட் பக்கத்திலேயே தெரியும்படி எழுதுவதையும் சேர்த்துச் செய்யுங்கள்.

இதற்கெல்லாம் எத்தனை டெஸ்ட் எழுதுவது?

எல்லையில் நிற்கும் எண்களுக்கு நேரடி டெஸ்ட்: அடிப்படைத் தொகை 9999, 10000, 10001, நேரம் `ends_at`-க்கு ஒரு மில்லிவினாடி முன், சரியாக `ends_at`. கூப்பன் தொகையைவிடச் சிறிய கார்ட். காலியான கார்ட்.

மிச்சத்துக்குத் தற்செயல் கார்ட்டுகளை உருவாக்கி, எப்போதும் உண்மையாக இருக்க வேண்டியதைச் சோதியுங்கள். பைத்தானில் ஹைப்பாதிசிஸ், ஜாவாஸ்கிரிப்டில் ஃபாஸ்ட்-செக் என்ற நூலகங்கள் இதற்காகவே இருக்கின்றன. கூப்பன் பட்டியலைக் கலைத்துக் கொடுத்தாலும் மொத்தம் மாறக் கூடாது. இருமுறை கணக்கிட்டால் இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். உருப்படித் தொகைகளின் கூட்டல் மொத்தத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். எந்த உருப்படியும் 0-க்குக் கீழே போகக் கூடாது.

"கார்ட்டில் பொருள் சேர்த்தால் மொத்தம் குறையக் கூடாது" என்றும் ஒரு டெஸ்ட் எழுதத் தோன்றும். எழுத வேண்டாம், அது தோற்கும், தோற்பதும் சரிதான். `TEN`, `FLAT` இரண்டும் போட்ட 9990 கார்ட்டுக்கு மொத்தம் 9990. அதில் 10-க்கு ஒரு பொருள் சேர்த்தால் தொகை 10000 ஆகி, 1500 கழிந்து, மொத்தம் 8500. குறைந்தபட்சத் தொகை என்ற விதி வைத்தாலே இந்தப் பள்ளம் இருக்கும். அது எவ்வளவு ஆழம் என்று கூப்பனை வெளியிடுமுன் நிர்வாகத்துக்கு ஓர் எண்ணாகச் சொல்லிவிடுங்கள். இங்கே அது 1490.